போர்டு மீட்டிங் அஜெண்டா ஒரு டைரக்டருக்குப் போகவே இல்லை, மூன்று நாள்தான் இருக்கிறது

நூல்மில்: எங்களுடையது பட்டியலிடப்படாத பப்ளிக் லிமிடெட் கம்பெனி. ஆகஸ்ட் 12 காலாண்டு மீட்டிங்குக்கு நோட்டீஸ், அஜெண்டா, 160 பக்கக் குறிப்புகள் எல்லாவற்றையும் 3ஆம் தேதியே ஒரே மெயிலில் அனுப்பிவிட்டேன். இன்று 9. காலையில் சுயேச்சை இயக்குநர் ஒருவர் போன் செய்து "அஜெண்டா எங்கேம்மா?" என்கிறார். தேடிப் பார்த்தால் ஸ்பாமில் `552 5.3.4 Message size exceeds fixed limit` என்று திரும்பி வந்து கிடக்கிறது. ஃபைல் 20 எம்.பி.தான், மற்ற ஐந்து பேருக்கும் போயிருக்கிறது. இப்போது அனுப்பினால் 12ஆம் தேதி மீட்டிங் செல்லுமா?

கோட்டைமேடு: 21 நாள் நோட்டீஸ் வேண்டுமே மேடம்? எங்கள் கம்பெனியில் அப்படித்தான்.

நூல்மில்: அது பங்குதாரர் கூட்டத்துக்கு சார். இது போர்டு.

பழைய கணக்கர்: 7 நாள் என்பது நோட்டீஸுக்கு மட்டும்தான். குறிப்புகளை நாங்கள் மேஜையிலேயே கொடுப்போம், கவலை வேண்டாம்.

செயலர்25: அண்ணா சொல்வது பாதி சரி. கம்பெனிச் சட்டத்தின் 173(3) நோட்டீஸைத்தான் சொல்கிறது, ஆனால் போர்டு மீட்டிங்குகளுக்கான செயலகத் தரநிலை SS-1 அஜெண்டாவுக்கும் குறிப்புகளுக்கும் அதே 7 நாள் கேட்கிறது. பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய, இன்னும் வெளியிடாத தகவலுக்குத்தான் விலக்கு, அதற்கும் போர்டின் சம்மதம் வேண்டும். மேடம், உங்கள் சிக்கல் அதைவிடப் பெரியது. நோட்டீஸும் அதே மெயிலில் இருந்ததால் அவருக்கு நோட்டீஸே போகவில்லை. நோட்டீஸ் கொடுக்கத் தவறிய அதிகாரிக்கு 25,000 ரூபாய் அபராதம் இருக்கிறது. குறுகிய நோட்டீஸில் கூட்டலாம்தான், ஆனால் அது அவசர அலுவலுக்கு, ஒரு சுயேச்சை இயக்குநராவது வந்திருக்கவும் வேண்டும். வழக்கமான காலாண்டுக் கணக்கை அவசரம் என்று எழுத எனக்கு மனம் வராது. போன மீட்டிங் எப்போது?

நூல்மில்: மே 20.

செயலர்25: அப்படியானால் இரண்டு மீட்டிங்குக்கு நடுவே விடக்கூடிய 120 நாள் செப்டம்பர் 17 வரை போகும், தேதியைத் தள்ளுங்கள். இன்றே ஆறு பேருக்கும் புது நோட்டீஸ் போனால், அனுப்பும் நாளையும் கூட்ட நாளையும் விட்டு எண்ணி, 17ஆம் தேதி முதல் கூட்டலாம். இந்த முறை நோட்டீஸையும் அஜெண்டாவையும் தனி மெயிலில் இரண்டே பக்கமாக அனுப்புங்கள், குறிப்புகள் வேறு மெயிலில் போகட்டும். அனுப்பியதற்கும் போய்ச் சேர்ந்ததற்கும் ஆதாரம் எடுத்து வையுங்கள். அப்புறம், இணைப்பு மெயிலில் போகும்போது மூன்றில் ஒரு பங்கு வீங்கும். உங்கள் 20 எம்.பி. அங்கே 27 ஆகிறது, பல இடங்களில் வரம்பு 25தான்.

நூல்மில்: கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்த பக்கங்கள்தான் கனம். எக்செல்லில் இருந்து நேராக பிடிஎஃப் எடுத்துப் பார்த்தேன், 3 எம்.பி.க்குள் வந்துவிட்டது. சேர்மனிடம் தேதி கேட்டிருக்கிறேன், 12ஆம் தேதியே வைக்கலாமே என்கிறார். டைரக்டர் "எனக்கு ஆட்சேபம் இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் போதாதா?

பழைய கணக்கர்: தாராளமாகப் போதும்.

செயலர்25: எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது பின்னால் தகராறு வராமல் தடுக்கலாம், அனுப்பாத நோட்டீஸை அனுப்பியதாக ஆக்காது. உங்கள் ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.