கதை நடுவில நிக்குது, ஒரு யோசனை சொல்லுங்கோ

நான் திருமலை. போன மாசத்தில இருந்து ஒரு சிறுகதை எழுதுறன், ராத்திரி ஸ்டேஷன்ல ரயிலுக்கு நிக்கிற ஒரு பொம்பிளை, போன்ல என்ன படம் பாக்கிறதெண்டு தேடிக்கொண்டே இருக்கிறா, அவ்வளவுதான் கதை. வாசிச்ச ஆக்கள் எல்லாரும் நடுப்பகுதி படப் பட்டியல் மாதிரிக் கிடக்கு, தாண்டிப் போயிட்டம் எண்டினம்.

தன்மையில எழுதிப் பாத்தன், புலம்பலாப் போச்சு. சார்ஜ் குறையுற மாதிரி வச்சன், பரபரப்பு வந்தது ஆனா அவ ஆரெண்டு தெரியேல்ல. படப் பேரெல்லாத்தையும் வெட்டிட்டு ஓடுற நேரத்தை மட்டும் விட்டன், அதுதான் கொஞ்சம் உயிரோட இருக்கு: ரெண்டே முக்கால் மணித்தியாலப் படத்தைத் தொட்டா ரயில் இப்ப வராதெண்டு அவவே ஒத்துக்கொண்ட மாதிரி, அதால சின்னப் படமாத் தேடுறா. இடத்தையும் திருமலையில இருந்து கல்லோயா ஸ்டேஷனுக்கு மாத்திட்டன், திருமலையெண்டா பாதை முடியிற ஸ்டேஷன், வெளிக்கிடுற ரயில் அங்கயே நிக்கும், கல்லோயாவில மட்டக்களப்புப் பாதையும் பிரியிறதால காத்திருக்கிறது நம்பும்படியா இருக்கு.

இப்ப முடிவுதான் வருதில்ல. கடைசியில அவ அந்த நீளப் படத்தைப் போடுறதோ, போடாமலே ரயில் வாறதோ, எது சரி?