முக்கோணப் பரப்பு 12ஆ, 11ஆ?

தக்கலையில் பத்தாம் வகுப்பு டியூஷன் பிள்ளைகளுக்குக் கொடுத்த மாதிரித் தேர்வில் ஒரு கணக்கு. A(-2, 3), B(4, -1), C(1, 5) என்றால் முக்கோணத்தின் பரப்பு என்ன? விடைக்குறிப்பில் 11 சதுர அலகு என்று இருக்கு. எனக்கு 12 தான் வருது.

A, B, C வரிசையில் குறுக்கே பெருக்கினால் (2−12) + (20+1) + (3+10) = 24, அதில் பாதி 12.

தொலைவு வாய்பாட்டில் AB=√52, BC=√45, CA=√13. ஹீரோன் வாய்பாட்டில் போட்டாலும் 12.

கிராஃப் தாளிலும் வரைந்தாச்சு. சுற்றியுள்ள 6×6 சதுரத்தின் 36இல் மூலை முக்கோணங்கள் 12, 9, 3 போக மிச்சம் அதே 12.

1×(−1)ஐக் கழிக்கும்போது குறி மாறாமல் 20−1 என்று எழுதினால் மொத்தம் 22, பாதி 11. பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் இடமும் இதுதான்.

நாளை விடைத்தாள் கொடுக்கணும். 11 வர வேறு சரியான வழி உண்டா, இல்லை விடைக்குறிப்பே தப்பா?