வெட்டின கோட்டுக்குக் கீழே அந்த ஏ: ஆங்கிலப் பரீட்சையில் குழப்பின சொற்கள்

படுவான்கரைப் பிள்ளை

2011 தை வெள்ளம் வடிந்து பள்ளிக்கூடம் திரும்பத் திறந்த பிறகு வந்த தவணைப் பரீட்சை. ஆங்கிலத்தில் கட்டுரை வெள்ளத்தைப் பற்றியே வந்தது. எங்கள் வயல் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்த வருசம், எழுத என்னிடம் நிறைய இருந்தது. ஒன்றரைப் பக்கம் நிறுத்தாமல் எழுதினேன்.

விடைத்தாள் திரும்பி வந்தபோது ஒன்பது சிவப்பு வட்டம். ஒன்பதும் அஃபெக்ட், எஃபெக்ட் என்ற இரண்டு சொற்கள்தான். வெள்ளம் எங்களைப் பாதித்தது என்ற இடமெல்லாம் ஈ போட்டிருந்தேன். அதன் விளைவு என்ற இடமெல்லாம் ஏ. எனக்கு இன்றைக்கும் மனதை அரிக்கிறது முதல் வட்டம்தான். அந்த வரியில் முதலில் ஏ என்று சரியாக எழுதி, பிறகு சந்தேகம் வந்து வெட்டி ஈ ஆக்கியிருக்கிறேன். வெட்டின கோட்டுக்குக் கீழே அந்த ஏ தெளிவாகத் தெரிந்தது. சரியாக வந்த கையை ஏன் நானே தடுத்தேன்? உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

கல்முனை நானா

எனக்கு அது பிரின்சிபல். சின்ன வகுப்பில் சொல்லித் தந்தது, அதிபர் உனக்குக் கூட்டாளி மாதிரி, அதனால் கடைசியில் பால் என்று முடியும், பி ஏ எல். அதை வைத்துக்கொண்டே உயர்தரம் வரைக்கும் ஓடினேன். அதிபருக்குக் கடிதம் எழுதச் சொன்னால் ஒருநாளும் பிழைக்கவில்லை.

அப்புறம் ஒரு வேலைக்கான போட்டிப் பரீட்சையில் இடைவெளி நிரப்பும் கேள்வி. கடன் எடுத்தவர் எதை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்? இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. காசு எப்படிக் கூட்டாளி ஆகும் என்று யோசித்து, எல் ஈ என்று முடிவதைப் போட்டேன். வெளியில் வந்து மரத்துக்குக் கீழே நின்று கேட்டபோதுதான் தெரியும், கடனின் முதலும் பி ஏ எல் தான். வாப்பா கடை வைத்திருந்தவர், முதல், வட்டி என்ற சொற்களோடு வளர்ந்தவன் நான். அந்த ஒரு கேள்வி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆரையம்பதி ராஜன்

உண்மை. முன்னாள், முன்னால் இரண்டையும் பிள்ளைகள் போட்டுக் குழப்புகிறார்கள். பழைய மாணவர் சங்க அழைப்பிதழ் ஒன்றில் "முன்னால் அதிபர்" என்று அச்சடித்து, நூறு பேருக்குக் கொடுத்து முடிந்த பிறகுதான் கண்டோம். அவர் அன்றைக்கு மேடையில் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ளகரத்தை அடிவகுப்பிலேயே சரியாகப் படிப்பிக்க வேண்டும்.

ஏறாவூர் 93

ராஜன் அண்ணன், அவ கேட்டது ஆங்கிலச் சொல்.

தங்கச்சி, இதில் பெரிய விசயம் ஒன்றுமில்லை. அஃபெக்ட் வினைச்சொல், எஃபெக்ட் பெயர்ச்சொல். முடிந்தது. பிரின்சிபலும் அப்படித்தான், எல் ஈ என்று முடிந்தால் பெயர்ச்சொல், ஏ எல் என்று முடிந்தால் மற்றது. இதை வைத்துக்கொண்டால் யாருக்கும் பிழைக்காது.

சம்மாந்துறை ரீச்சர்

தம்பி ஏறாவூர், நீங்கள் சொன்னதில் முன்பாதி பரீட்சைக்குப் போதும். பின்பாதி நிற்காது. சிம்பிள், லிட்டில் இரண்டும் எல் ஈ என்றுதான் முடிகின்றன, அவை பெயர்ச்சொல்லா? அதிபர் என்ற சொல் பெயர்ச்சொல் இல்லையா? இந்தச் சோடிக்கு இப்படிப் பாருங்கள். பி ஏ எல் என்பதன் அடிக்கருத்து "முதன்மையான" என்பது. பள்ளியில் முதன்மையான ஆள் அதிபர், கடனில் முதன்மையான தொகை முதல், முதன்மையான காரணம் என்று எழுதினாலும் அதே எழுத்து. மற்றது கொள்கை, நியதி. விஞ்ஞானப் பாடத்தில் வரும் ஆர்க்கிமிடீஸ் தத்துவத்துக்கு எல் ஈ. நானாவுக்கு அந்தக் கூட்டாளிக் கதையோடு இதையும் சொல்லியிருந்தால் அந்தப் புள்ளி போயிருக்காது.

இனிப் படுவான்கரைப் பிள்ளைக்கு. ஒன்பதும் ஒரே மாதிரித் தலைகீழாக விழுந்திருக்கின்றன. அப்படியென்றால் எந்த இடத்தில் வினை, எந்த இடத்தில் பெயர் என்று உங்களுக்கு அன்றைக்கே தெரியும். ஏ, ஈ என்ற இரண்டு எழுத்தும்தான் இடம் மாறியிருக்கின்றன. நான் திருத்தும்போது இதைத்தான் முதலில் பார்ப்பேன். ஒரே பக்கத்தில் சில சரியாகவும் சில பிழையாகவும் கலந்து கிடந்தால், அந்தப் பிள்ளை ஒலியை வைத்து எழுதுகிறது. வேகமாகச் சொன்னால் இரண்டு சொல்லும் ஒன்றுபோலக் கேட்கும், முதல் அசை அமுங்கிவிடும். அந்தப் பிள்ளைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். உங்களுக்கு ஒரு எழுத்தை ஊன்றி வைத்தால் போதும்.

நான் வகுப்பில் செய்வது இது. வசனத்தை "நேற்று" என்று மாற்றிப் பார்க்கச் சொல்வேன். அந்தச் சொல்லின் வாலில் ஈ டி ஒட்டிக்கொண்டால் ஏ போடு. ஒட்டாவிட்டால் ஈ. உங்கள் கட்டுரையையே எடுங்கள். "வெள்ளம் எங்கள் நெல்லைப் பாதிக்கிறது." நேற்று என்றால் பாதித்தது ஆகும், ஈ டி ஒட்டும், ஆகவே ஏ. "அதன் விளைவு விவசாயிகள் மேல் பெரிது." நேற்று என்று மாற்றினாலும் விளைவு விளைவாகவே நிற்கிறது, பக்கத்தில் உள்ள "பெரிது"தான் "பெரிதாக இருந்தது" என்று மாறுகிறது. ஆகவே ஈ. சொல்லின் கடைசியில் எஸ் இருந்தால் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். பன்மைக்கும் எஸ், வெள்ளம் பாதிக்கிறது என்பதற்கும் எஸ், அங்கேதான் நல்ல பிள்ளைகளும் விழுகிறார்கள்.

இன்னொன்று. பின்னால் "ஒன்" வந்தால் பெரும்பாலும் பெயர்ச்சொல். ஏ போட்ட சொல் நேரே பொருளைப் பிடித்துக்கொள்ளும், "ஒன்" கேட்காது. நம் பிள்ளைகள் ஏ போட்டுவிட்டு "ஒன்"னும் போடுவார்கள். எழுத்து சரியாக இருந்தும் வசனம் பிழைக்கிற இடம் அது.

வாழைச்சேனை மகன்

ரீச்சர், இவ்வளவு நீளம் வேண்டாம். வெள்ளம் நம்மை அஃபெக்ட் பண்ணிற்று என்போம், மருந்து எஃபெக்ட் காட்டுது என்போம். "பண்ணு" ஒட்டினால் ஏ. நான் சாதாரண தரம் எழுதும்போது இதை மட்டும்தான் மனதில் வைத்திருந்தேன்.

ஏறாவூர் 93

எங்கள் வீட்டில் "உடம்புக்கு எஃபெக்ட் ஆகிற்று" என்றுதான் சொல்வார்கள். அப்போது அந்த வழி எங்களுக்குப் பிழைக்கும்.

திருக்கோவில் எழுதுநர்

ஈ போட்டது வினையாக வராது என்று இங்கே எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். வரும். கொடுப்பனவு செய்யப்பட்டது என்பதற்கு அலுவலகக் கடிதங்களில் ஈ போட்ட சொல்லைத்தான் நாங்கள் எழுதுகிறோம், வாலில் ஈ டி யோடு. மாற்றத்தை உண்டாக்கினார் என்பதற்கும் அதுவே. பதவி உயர்வுப் பரீட்சையில் அதைச் சரியாகவே எழுதினேன், திருத்தினவர் வெட்டி மேலே ஏ என்று எழுதியிருந்தார். மேன்முறையீடு செய்யவில்லை. மூன்று வருசமாகிறது, அந்தத் தாளை இன்னும் கோப்பில் வைத்திருக்கிறேன்.

சம்மாந்துறை ரீச்சர்

நீங்கள் எழுதினது சரி. என் "நேற்று" சோதனை அந்த இடத்தில் உடையும், அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் சாதாரண தரப் பிள்ளையிடம் அந்தப் பிரயோகத்தைத் தொடாதே என்றுதான் சொல்வேன். திருத்துகிறவர் யாரென்று நமக்குத் தெரியாது.

திருக்கோவில் எழுதுநர்

சரியானதைத் தெரிந்துகொண்டே விட்டுவிடச் சொல்வது எனக்கு ஒத்துவரவில்லை ரீச்சர்.

படுவான்கரைப் பிள்ளை

ரீச்சர், நீங்கள் சொன்ன பிறகு பெட்டியில் இருந்த அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதும் தலைகீழ்தான், ஒன்றுகூடக் கலக்கவில்லை. "நேற்று" போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன், எட்டில் உடனே தெரிந்தது. ஒன்பதாவது தலைப்பு, அதில் வசனமே இல்லை, வெள்ளத்தின் விளைவுகள் என்று இரண்டே சொல். அங்கே எதை மாற்றிப் பார்ப்பது?

கல்முனை நானா

தலைப்பை வசனமாக்கிப் பார் தங்கச்சி. "வெள்ளத்தின் விளைவுகள் பல." இப்போது நேற்று போடு.