புதுப்பிப்பு: கோத்தகிரி ஷெட் விளக்குக்குச் செம்பா, அலுமினியமா?

அன்று நான் கேட்டது: "50 வாட் எல்இடி ரொம்பச் சூடாகுது. அலுமினிய ஹீட் சிங்க்கைச் செம்புக்கு மாத்தலாமா?"

மாற்றவில்லை. "செம்பு இரண்டு மடங்கு வெப்பம் கடத்தும், சூடு பாதியாகும்" என்றார் ஒரு நண்பர். கடத்துவது சரி, ஆனால் சிங்க்கின் தகடுத் துடுப்புகளிலிருந்து சூட்டை எடுப்பது காற்று. அதற்கு உலோகம் எதுவானாலும் ஒன்றுதான். 600 கிராம் சிங்க் செம்பில் 2 கிலோ ஆகும், உலோகச் செலவு கிட்டத்தட்ட பத்து மடங்கு.

குன்னூர் எலக்ட்ரீஷியன் அண்ணன் எல்இடி சிப்புக்கு அடியிலும் சிங்க் ஓரத்திலும் அளக்கச் சொன்னார். அடியில் 84 டிகிரி, ஓரத்தில் 61. சூடு நடுவிலேயே தேங்கி நிற்கிறது, பரவவில்லை. அந்த இடத்தில்தான் செம்புக்கு வேலை. 6 செ.மீ. சதுரத்தில் 3 மி.மீ. செம்புத் தகடு, 100 கிராம்கூட வராது. இருபுறமும் மெல்லிசாகத் தெர்மல் பேஸ்ட் தடவிச் சிப்புக்கும் சிங்க்குக்கும் நடுவில் வைத்தேன். இப்போது அடியில் 75, ஓரத்தில் 63. எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

 

ஒரு கவலை மிச்சம். மூடுபனி ஈரத்தில் செம்பு தொடும் இடத்தில் அலுமினியம் அரிக்கும் என்கிறார் அண்ணன். ஓரத்தைச் சிலிக்கானால் அடைத்திருக்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் கழற்றிப் பார்க்கணும்.