மீன் என்று தேடினால் மான் வருகிறது: ஆப்புக்குள்ளேயே தேடல் வைத்த அனுபவங்கள்

நாணல்

நாங்கள் ஏழெட்டுப் பேர் காட்டுக்குள் நடப்பவர்கள். பார்த்த பறவை, மரம், தடம் எல்லாவற்றையும் தமிழில் குறித்து வைப்போம். உள்ளே போனால் சிக்னல் கிடையாது. அதனால் குறிப்புகளையும் தேடலையும் போனிலேயே வைத்து ஒரு சின்ன ஆப் செய்தேன். அடியில் எஸ்க்யூலைட், தேடலுக்கு `FTS5`. நாலாயிரம் சொச்சம் குறிப்புகள். ஆங்கிலப் பெயர்களை வைத்துச் சோதித்தபோது கண் இமைப்பதற்குள் பதில் வந்தது. நானும் நிம்மதியாக எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் குழுவில் ஒருவர் படம் எடுத்து அனுப்பினார். அவர் தேடியது "மீன்". வந்தவை: "மான் குட்டியோடு நின்றது", "முன் கால் தடம் மட்டும்", "மூன்று குஞ்சுகள்". மீன்கொத்தி எங்கோ பதினோராவது இடத்தில் இருந்தது. முதலில் இதை எழுத்துப்பிழையைப் பொறுத்துக்கொள்ளும் தேடல் என்று நினைத்து, பரவாயில்லையே, நல்ல வசதிதானே என்று பதில் வேறு போட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

உண்மையைக் காட்டிக்கொடுத்தது அதே படத்தில் இருந்த இன்னொரு விஷயம். தேடிய சொல்லைத் தடித்த எழுத்தில் காட்ட `highlight()` போட்டிருந்தேன். திரையில் "மூன" தடித்து, அதன் புள்ளி தனியே கழன்று, கோடுபோட்ட ஒரு வட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. அதாவது தேடல் எந்திரம் "ன்" என்பதை ஒரே எழுத்தாகப் பார்க்கவே இல்லை. இங்கே யாராவது இதைச் சந்தித்திருக்கிறீர்களா?

பழையகம்பி

சந்தித்தேன் தம்பி, ஒரு வார இறுதி முழுக்கப் போனது. காரணம் இதுதான். `FTS5` தானாக எடுத்துக்கொள்ளும் சொல்வெட்டி `unicode61`. அது எழுத்து, எண் என்று யூனிகோட் வகைப்படுத்திய குறிகளை மட்டும் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் அதற்கு இடைவெளி மாதிரி. நம் க, ம, ன எல்லாம் எழுத்து வகையில் இருக்கின்றன. ஆனால் கால், கொம்பு, சுழி, புள்ளி இவை "ஒட்டுக்குறி" வகை. ஆகவே "மீன்" உள்ளே போகும்போது "ம", "ன" என்று இரண்டு துண்டாகிவிடுகிறது. "மான்", "முன்", "மின்" எல்லாமே அதே இரண்டு துண்டு. "மூன்று" என்பது "ம", "ன", "ற". தேடலில் "ம"வுக்கு அடுத்து "ன" வருகிறதா என்று மட்டும்தான் அது பார்க்கிறது. அதன் கணக்கில் பதில் சரி!

என் பேச்சை நம்ப வேண்டாம், அட்டவணைக்குள் என்ன சொற்கள் இருக்கின்றன என்று நீங்களே பாருங்கள்:

```sql
CREATE VIRTUAL TABLE v USING fts5vocab('notes_fts', 'row');
SELECT term, doc, cnt FROM v ORDER BY cnt DESC LIMIT 20;
```

மேலே வரும் இருபதும் க, த, ல, ர என்று ஒற்றை எழுத்துகளாக இருந்தால் நோய் இதுதான். முழுச் சொற்கள் வந்தால் வேறு எங்காவது தேட வேண்டும்.

நாணல்

பார்த்தேன். முதல் இருபதில் பதினெட்டு ஒற்றை எழுத்து. "மரம்" மட்டும் "மரம" என்று புள்ளி இல்லாமல் இருக்கிறது. கால், கொம்பு இல்லாத சொற்கள் பிழைத்துக்கொண்டன போல.

வெண்கலமணி

எனக்கும் இந்தத் தொல்லை உண்டு. விமானப் பயன்முறையில் போட்டால் என் குறிப்பு ஆப்பில் தேடலே வராது, சுற்றிக்கொண்டே இருக்கும். இண்டெக்ஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவினால் சரியாகுமா?

பழையகம்பி

அது வேறு கதை அம்மா. உங்கள் ஆப் தேடலைச் சர்வருக்கு அனுப்பிக் கேட்கிறது. குறிப்பு போனில் இருந்தாலும் தேடல் போனில் இல்லை. நூறு தடவை நிறுவினாலும் அப்படித்தான் இருக்கும்.

ஓட்டைக்குடை

நானும் தமிழ் குறிப்பு ஆப் வைத்திருக்கிறேன், ஆண்ட்ராய்டில் `Room` வழியாக `FTS4`. இரண்டு வருடமாக இந்தப் பிரச்சினையே வந்ததில்லை. `FTS5` தமிழுக்கு ஆகாது, பழையதுதான் நல்லது. சில போன்களில் `no such module: fts5` என்று வந்து ஆப்பே விழுந்துவிடும், அது போதாதா?

பழையகம்பி

இரண்டாவது சொன்னது நியாயம். போனோடு வரும் எஸ்க்யூலைட்டை நம்பக் கூடாது, நம்முடையதை ஆப்போடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். ஆனால் முதலில் சொன்னதற்குக் காரணம் `FTS4` இல்லை. நீங்கள் சொல்வெட்டி எதையும் குறிப்பிட்டிருக்க மாட்டீர்கள், `Room` தானாக `simple` என்பதை எடுத்துக்கொண்டிருக்கும். அது 128க்கு மேற்பட்ட எந்தக் குறியையும் கண்ணை மூடிக்கொண்டு எழுத்து என்று வைத்துக்கொள்ளும். தமிழ் தப்பித்தது அதனால்தான். `FTS4`-இலும் `unicode61` போட்டுப் பாருங்கள், இதே உடைசல் வரும்.

`simple` வைத்திருப்பதில் ஒரு செலவு உண்டு. வளைந்த மேற்கோள் குறிகளும் 128க்கு மேலேதான். ஒருவர் “மீன்கொத்தி” என்று வளைந்த மேற்கோளோடு எழுதியிருந்தால், குறியும் சேர்ந்தே ஒரு சொல்லாகிவிடும். நீங்கள் மீன்கொத்தி என்று தேடினால் அந்தக் குறிப்பு வராது. வராத குறிப்பைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை, அதனால் இரண்டு வருடம் தெரியாமலே போயிருக்கலாம்.

ஓட்டைக்குடை

தேடிப் பார்த்தேன். வெளியிலிருந்து நகலெடுத்து ஒட்டிய குறிப்புகளில் முப்பதுக்கு மேல் அப்படி இருக்கின்றன. வாயை மூடிக்கொள்கிறேன்.

சுண்டெலி

நாணல், தீர்வு சுலபம். சொல்வெட்டியிடம் `categories` என்று ஒன்று உண்டு, அதில் `Mn` சேர்த்துவிடுங்கள். நான் இப்போதே "மீன்" போட்டுச் சோதித்தேன், முழுச் சொல்லாக வருகிறது.

பழையகம்பி

சோதித்த சொல் உங்களை ஏமாற்றிவிட்டது. புள்ளியும் "ஈ"காரச் சுழியும் `Mn` வகை. "மீன்" என்ற சொல்லில் இருப்பது அந்த இரண்டும்தான். கால், கொம்பு, "இ"கர உகரக் குறிகள் எல்லாம் `Mc`. "மான்" போட்டுப் பாருங்கள், இன்னும் உடையும். இரண்டையும் சேர்க்க வேண்டும்:

```sql
CREATE VIRTUAL TABLE notes_fts USING fts5(
  body, content='notes', content_rowid='id',
  tokenize = "unicode61 categories 'L* N* Co Mn Mc'"
);
INSERT INTO notes_fts(notes_fts) VALUES('rebuild');
```

நாணல்

போட்டேன். என் போனில் மீனுக்கு மீன் மட்டும் வருகிறது. ஆனால் குழுவில் மற்றவர்களுக்குப் புதிய பதிப்பு போட்ட பிறகும் மான்தான் வருகிறது. ஒரே ஆப், ஒரே குறிப்புகள். எனக்குப் புரியவில்லை.

பழையகம்பி

உங்கள் கோட்டில் `IF NOT EXISTS` இருக்கிறதா?

நாணல்

இருக்கிறது… ஓ. அவர்கள் போனில் பழைய அட்டவணை ஏற்கனவே இருப்பதால் புதிய வரி ஓடவே இல்லை. நான் ஆப்பை அழித்து நிறுவியதால் எனக்கு மட்டும் சரியாகியிருக்கிறது. பதிப்பு எண்ணை ஏற்றி, பழைய அட்டவணையை `DROP` செய்து, புதிதாக உருவாக்கி, `rebuild` ஓட்டினேன். மூலக் குறிப்புகள் தனி அட்டவணையில் இருந்ததால் எதுவும் போகவில்லை. நாலாயிரம் குறிப்புகளுக்கு, இருப்பதில் பழைய போனில்கூட இரண்டு நொடிக்குள் முடிந்தது.

இரவல்பேனா

இவ்வளவு பாடு எதற்கு? நாலாயிரம் குறிப்புக்கு `LIKE '%மீன்%'` போதுமே. இண்டெக்ஸும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

பழையகம்பி

உண்மையைச் சொன்னால், நாலாயிரம் சின்னக் குறிப்புக்கு அது தாங்கும். ஆனால் அதிலும் "மீனை", "மீனுக்கு" வராது. நீங்கள் தேடுவதன் கடைசியில் புள்ளி இருக்கிறது, அவற்றில் அந்த இடத்தில் புள்ளி இல்லை. இண்டெக்ஸ் வைத்தாலும் வைக்காவிட்டாலும் தமிழில் இரண்டாவது சுவர் அதுதான்.

நாணல்

ஆமாம், அடுத்த புகார் அதுவே வந்தது. "காடு" என்று தேடினால் "காட்டில்" வருவதில்லை.

பழையகம்பி

நான் செய்வது இது. தேடும் சொல்லின் கடைசியில் புள்ளியோ உகரக் குறியோ இருந்தால் அதை நறுக்கிவிட்டு, மிச்சத்தை முன்னொட்டாகத் தேடுகிறேன். "காடு" போய் "காட" ஆகும், அதில் காடு, காட்டில், காட்டுக்குள் எல்லாம் அகப்படும். "மீன்" போய் "மீன" ஆகும். "மரம்" மட்டும் கொஞ்சம் வம்பு, ஏனென்றால் மகரம் தகரமாகவும் ஙகரமாகவும் மாறுகிறது. அதற்கு மூன்று கிளை:

```
"மரம" * OR "மரத்த" * OR "மரங்க" *
```

நட்சத்திரம் மேற்கோளுக்கு வெளியே இருக்க வேண்டும், உள்ளே போட்டால் வெட்டும்போது காணாமல் போய்விடும். பயனர் தட்டியதை மேற்கோளுக்குள் வைப்பதில் இன்னொரு லாபம், அவர் கோடோ அடைப்போ போட்டாலும் `syntax error` வராது. அவரே மேற்கோள் குறி தட்டினால் அதை இரட்டித்துவிடுங்கள்.

விலை உண்டு. "காட"வில் "காட்சி"யும் வரும். "மண்" நறுக்கினால் மணலும் மணமும் வரும். முழுச்சொல் பொருந்துவதை முதலில் காட்டி, நறுக்கியதில் வந்ததைக் கீழே தள்ளுகிறேன். யாரும் குறை சொன்னதில்லை.

சுண்டெலி

`trigram` போட்டால் இந்த நறுக்கல் பாதி தேவையில்லையே? "ஆலமரம்" உள்ளே இருக்கும் "மரம்" கூட வரும். முன்னொட்டில் அது வராது.

பழையகம்பி

வரும். அதற்காகவே ஒரு முறை வைத்துப் பார்த்தேன். மூன்று குறிக்குக் குறைவானதைத் தேடினால் அது ஒன்றுமே தராது. "தீ" இரண்டு குறி, "பூ" இரண்டு, "ஈ" ஒன்று. தமிழில் மிக முக்கியமான சொற்கள் இப்படிச் சின்னதாக இருக்கின்றன! அட்டவணையும் மூலக் குறிப்பைவிடப் பெரிதாகிவிட்டது. இடம் உள்ளவர்கள் இரண்டையும் வைக்கலாம், நான் வைக்கவில்லை.

இரவல்பேனா

ஒன்று கேட்க மறந்தேன். "கொக்கு" என் போனில் வருகிறது, தம்பி போனில் தட்டிய குறிப்பில் வருவதில்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

பழையகம்பி

ஒன்றில் "கொ"வின் குறி ஒற்றைக் குறியாக இருக்கும், மற்றதில் கொம்பும் காலும் தனித்தனியாக. உள்ளே எழுதும்போதும் தேடும்போதும் இரண்டையும் `NFC` ஆக்கிவிட்டால் ஒன்றாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத `U+200C` இருந்தால் அதையும் அப்போதே எடுத்துவிடுங்கள், அது சொல்லை நடுவில் வெட்டும். "கௌ" என்பதைக் கொம்பும் "ள"வுமாகத் தட்டியிருந்தால் `NFC` ஒன்றும் செய்யாது, அது கையால்தான்.

நாணல்

மூன்றையும் சேர்த்துவிட்டேன். "கல்" தேடினால் "கற்கள்" வராதது மட்டும் பாக்கி, நாள், நாட்களும் அப்படியே. இவற்றுக்கு ஒரு சிறு பட்டியல் கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன், இப்போதைக்கு இருபத்தாறு சொல் ஆகியிருக்கிறது. வேறு வழி வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.