மேளத்தின் இரண்டு முகங்களை இழுத்துக் கட்டுவதற்கு ஒரு சொல் வேண்டும்

தோட்டத்துப் படங்கள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் எங்கள் பழைய தோட்டத்துக் கோயில் படங்களை ஸ்கேன் செய்து அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்தை இடித்து, ஆட்களெல்லாம் டவுன் பக்கம் வந்தாயிற்று; வீட்டுக்கு வீடு ஒரு பிஸ்கட் டின் நிறையப் படம், அதில் முக்கால்வாசி பஜனைப் படம். பின்னால் "மேளம் வாசிப்பவர்" என்று பென்சிலில் எழுதியிருக்கும், எந்த மேளம் என்று இருக்காது.

அதனால் அட்டவணையில் மூன்று கட்டம் வைத்தேன். வடிவம், முகம், மூன்றாவது 'லேசிங்'. முதல் இரண்டுக்கும் சொல் இருக்கிறது, மூன்றாவதற்கு 'வார்' என்று போட்டுப் பார்த்தேன், ஆனால் வார் என்றால் தோல், பாதிப் படத்தில் இருப்பது கயிறு. 'பின்னல்' என்றால் சடைதான் ஞாபகம் வருகிறது. இணைத்த படத்தில் ஒருவர் சம்மணம் போட்டு மடியில் குறுக்கே மேளம் வைத்திருக்கிறார், ஒரு முகம்தான் தெரிகிறது, அதன் நடுவில் கறுப்புத் திட்டு இல்லை. அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

ஹார்மோனியப் பெட்டி எழுதியது:

இதில் குழம்ப ஒன்றுமில்லை தம்பி. இரண்டு தனித்தனி மேளம் என்றால் தபலா. ஒரே மரத்தில் இரண்டு முகம், கறுப்பு இருந்தால் மிருதங்கம், இல்லாவிட்டால் டோலக். உங்கள் படம் டோலக். நாற்பது வருஷம் பஜனையில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன். சொல்லுக்கு 'கட்டு' போதுமே, எதற்குப் புதுச்சொல்?

மிருதங்க வகுப்பு எழுதியது:

அண்ணே, தபலாவைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் கறுப்பு இல்லை என்பதால் மட்டும் டோலக் ஆகிவிடாது. மிருதங்கத்தில் நிரந்தரக் கறுப்பு வலது கைப் பக்க முகமான வலந்தலையில் மட்டும்தான். அடுத்த பக்கம், தொப்பியில், வாசிக்கும் முன் ரவையைக் குழைத்து அப்புவோம், முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவோம். ரவை இருக்கும்போது படம் எடுத்தால் நடுவில் வெள்ளையாகத் திட்டு தெரியும், எடுத்த பிறகு என்றால் வெறும் தோல். இந்தத் தம்பியின் படத்தில் ஒரு முகம்தான் இருக்கிறது, அது தொப்பிப் பக்கமாக இருந்தால் என்ன செய்வது? டோலக்கிலும் பெரிய முகத்துக்குப் பூச்சு உண்டு, ஆனால் தோலின் உள்பக்கம் பூசுவார்கள், அதனால் வெளியே தெரியாது. ஆக, வெறும் முகம் இரண்டு கருவிக்கும் பொது.

இந்த மாதிரி நேரத்தில்தான் மூன்றாவது கட்டம் பேசும். தம்பி, படத்தைப் பெரிதாக்கி உடம்பைப் பாருங்கள். மிருதங்கத்தில் தோல் வார்கள் முகத்தின் ஓரத்தைச் சுற்றியிருக்கும் பின்னல் வளையமான மூட்டிலிருந்து மறு பக்கத்து மூட்டுக்கு நெருக்கமாக, ஏறக்குறைய ஒன்றுக்கொன்று இணையாக ஓடும், வேலிக் கம்பு நட்டதுபோல. கயிறு போட்ட டோலக்கில் இடைவெளி விட்டுக் கோணல்மாணலாகப் போகும், இரண்டு இரண்டு கயிற்றைச் சேர்த்துப் பிடிக்கும் உலோக வளையம் இருக்கும். அந்த வளையத்தைத் தள்ளித்தான் முறுக்கேற்றுவார்கள்.

முகத்தின் ஓரத்தையும் பாருங்கள். மிருதங்கத்தில் ஓரத்தைச் சுற்றி இன்னொரு தோல் வட்டமாகப் படிந்திருக்கும், வட்டத்துக்குள் வட்டம் தெரியும். டோலக்கில் பெரும்பாலும் ஒரே தோல்.

உறுமிக்காரன் எழுதியது:

அண்ணே, கயிறு பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன், திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம், எங்கள் உறுமிக்கு நைலான் கயிறு போட்டேன், பருத்திக் கயிறு மாதிரி நிற்கவில்லை, முடிச்சு வழுக்கி மறுநாள் காலையில் தொளதொளவென்று ஆகிவிடுகிறது. திரும்பத் திரும்ப இழுத்துக் கட்டவேண்டியிருக்கிறது. எந்தக் கயிறு நல்லது?

தோட்டத்துப் படங்கள் எழுதியது:

உறுமிக்காரரே, உங்கள் கேள்வி வேறு, ஆனால் எனக்குச் சொல் கிடைத்துவிட்டது! இழுத்துக் கட்டுவது, 'இழுகட்டு'. வார் இழுகட்டு, கயிற்று இழுகட்டு என்று பிரித்தும் எழுதலாம். வெறும் 'கட்டு' என்றால் காயத்துக்குப் போட்ட கட்டா, கீரைக்கட்டா என்று தேடும்போது எல்லாமே வந்து நிற்கும்.

படத்தைப் பெரிதாக்கினேன். மூன்று வளையம் தெளிவாகத் தெரிகிறது, ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு கயிறு விரிகிறது. முகத்தில் உள்வட்டம் இல்லை. வயிறும் நடுவில்தான் பருத்திருக்கிறது.

மிருதங்க வகுப்பு எழுதியது:

அப்படியென்றால் டோலக்தான். அண்ணன் சொன்ன விடை சரி, வழிதான் சரியில்லை. :)

'இழுகட்டு' நன்றாக இருக்கிறது. கூடவே ஒன்று: தபலாவின் மர மேளத்தில் வாருக்கு அடியில் சின்ன உருளைக் கட்டைகள் சொருகியிருக்கும், அவற்றைத் தட்டிக் கீழே இறக்கினால் சுருதி ஏறும். வடநாட்டு இரட்டை முக மேளமான பகாவஜிலும் உண்டு. அதை மிருதங்கம் என்று பெயர் போட்டு வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், உருவம் அவ்வளவு கிட்டத்தில் இருக்கும். வார் இழுகட்டுக்கு அடியில் உருளை தெரிந்தால் நம் ஊர் மிருதங்கம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம், நாங்கள் மூட்டைக் கல்லாலும் கட்டையாலும் தட்டித்தான் சேர்ப்போம். அந்த உருளைக்கும் ஒரு சொல் வேண்டும்.

ஹார்மோனியப் பெட்டி எழுதியது:

'ஆப்பு'.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை எழுதியது:

ஆப்பா? பிள்ளைகள் சிரித்தே பாடம் முடிந்துவிடும். ஆப்பு பிளப்பதற்கு, இது இறுக்குவதற்கு. 'இறுக்குருளை' என்று வைத்துப் பாருங்கள்.

'இழுகட்டு' குறித்து எனக்கு ஒரு தயக்கம். இப்போது மிருதங்கத்திலும் டோலக்கிலும் இரும்புக் கம்பியும் திருகாணியும் வந்துவிட்டன. திருகாணியை யாரும் கட்டுவதில்லையே. 'இழுப்பு' என்றால் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

தோட்டத்துப் படங்கள் எழுதியது:

டீச்சர், இழுப்பு என்றால் இங்கே ஆஸ்துமா! அட்டவணையில் "கருவிக்கு இழுப்பு உண்டு" என்று எழுத முடியாது. ஆனால் திருகாணி விஷயம் நியாயம்தான், அதற்கு என்ன போடுவது என்று புரியவில்லை.

மிருதங்க வகுப்பு எழுதியது:

திருகாணி போட்டால் இரண்டுக்கும் கம்பி ஒரே மாதிரி தெரியும், அந்தக் கட்டத்தை நம்பவே வேண்டாம். வலந்தலை கிடைத்தால் கறுப்பு, கிடைக்காவிட்டால் ஓரத்து வட்டம், அப்புறம் உடம்பு. மிருதங்கத்தின் பருமன் நட்டநடுவில் இராமல் தொப்பிப் பக்கம் கொஞ்சம் தள்ளியிருக்கும்.

தோட்டத்துப் படங்கள் எழுதியது:

கடைசியாக ஒன்று. இன்னொரு படத்தில் வார், கறுப்பு எல்லாம் சரியாக இருக்கிறது, மிருதங்கம்தான். ஆனால் கறுப்பு முகம் வாசிப்பவரின் இடது கையில். பெயரை மாற்ற வேண்டுமா?

மிருதங்க வகுப்பு எழுதியது:

கருவி அதேதான். மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கையர், அவர் படத்திலும் அப்படித்தான் இருக்கும். உங்கள் ஆளும் இடக்கையராக இருக்கலாம், இல்லை நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கலாம். படத்தில் எழுத்து ஏதாவது இருக்கிறதா?

தோட்டத்துப் படங்கள் எழுதியது:

எழுத்து இல்லை. ஆனால் பின்னால் நிற்கிற மண்டோருக்குப் பேனா குத்திய சட்டைப்பை வலது மார்பில் இருக்கிறது. அவருக்குப் பக்கத்தில் நிற்பவருக்கும் அப்படியே. திருப்பி ஸ்கேன் செய்கிறேன்.