இடது பக்கம் தப்பு, வலது பக்கம் சரி: பாதுகாப்புப் பயிற்சிப் படங்களில் உங்களுக்கு நடந்தது

பிறை குமரன்
போன மாதம் நடந்தது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. எங்கள் பேக்கிங் லைனில் நேப்பாளிகள், வங்காளதேசிகள், நம்மவர்கள் எல்லோரும் இருப்பதால் எழுத்தே இல்லாமல் ஸ்லைடு செய்தேன். இடது பக்கம், ஓடும் கன்வேயரில் சிக்கிய பெட்டியை எடுக்க ஒருவர் கையை விடுகிறார். மூலையில் சின்னதாகச் சிவப்புப் பெருக்கல் குறி. வலது பக்கம், மெயின் சுவிட்ச் அணைந்து பூட்டுத் தொங்குகிறது, பச்சை டிக்.

புரிந்ததா என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு நேப்பாளித் தம்பியை மட்டும் கூப்பிட்டு, படத்தில் இருப்பதைச் செய்து காட்டச் சொன்னேன். நல்லவேளை, கன்வேயரை முன்பே அணைத்துப் பூட்டியிருந்தேன். அவர் நேராகப் போய் ரோலருக்கு நடுவில் கையை விட்டு, பெட்டியை இழுப்பது போல் காட்டினார். அப்புறம் நடந்துபோய் சுவிட்சைத் தொட்டு, பூட்டுவது போல் காட்டினார். சரியாகச் செய்துவிட்ட சந்தோஷத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் கண்ணுக்கு அது தப்பும் சரியும் இல்லை. முதலில் இது, பிறகு அது.

செகாம்புட் ராஜா
ஐஎஸ்ஓ 7010 சின்னத்தைப் போட்டிருந்தால் இது நடந்திருக்காது தம்பி. சிவப்பு வட்டம், குறுக்கே கோடு. உலகம் முழுக்க ஒரே அர்த்தம். எங்கள் ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் போகும் வழியில் அதை மாட்டினோம், மறுநாளிலிருந்து யாரும் குறுக்கே நடக்கவில்லை. சொந்தமாக வரையப் போனால்தான் வம்பு.

அமுதா, பாயான் லெப்பாஸ்
ராஜா அண்ணே, பாதிதான் ஒத்துக்கொள்வேன். அந்தச் சின்னம் 'கை விடாதே' என்று சொல்லும். எதை முதலில் செய்வது என்று சொல்லாது. அந்தச் சின்னங்களையும் பழகினால்தான் புரியும். காதுக் கவசம் போட்ட தலை, நீல வட்டம். அதைக் கதவில் பார்த்த புதுப் பையன், கவசம் வைத்திருக்கும் அறை என்று நினைத்து உள்ளே தேடினான். அதுவும் வெறுங்காதோடு, அந்தச் சத்தத்தில்.

குமரன், உங்கள் படத்தில் மூன்று கோளாறு. தப்பும் சரியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கண் வரிசையாகப் படிக்கும், தனித்தனி ஸ்லைடாக்குங்கள். பெருக்கல் குறி மூலையில் இருக்கக் கூடாது, படம் முழுவதையும் வெட்ட வேண்டும்; ஆனால் கை தெரிய வேண்டும். அப்புறம், இரண்டு படத்திலும் ஒரே ஆள், ஒரே கோணம், ஒரே ஒரு வித்தியாசம். உங்கள் வலது படத்தில் ஆளே இல்லையே, எதோடு எதை ஒப்பிடுவார்கள்?

புரிந்ததா என்று கேட்கவே வேண்டாம். படத்தைக் காட்டி, என்ன செய்வாய் என்று கேளுங்கள். அமெரிக்காவின் ஆன்சி தரத்தில் சின்னத்தைச் சோதிக்கும்போது, நூற்றுக்கு 85 பேராவது சரியாகச் சொல்ல வேண்டும். நேர் எதிராகப் புரிந்துகொள்பவர்கள் 5 பேருக்கு மேல் போகக் கூடாது. உங்கள் தம்பி அந்த இரண்டாவது வகை. தெரியாது என்பவர் நின்று கேட்பார், இவர் நம்பிக்கையோடு கையை விடுவார்.

செல்வி கேஎல்
டிக் என்றதும் ஞாபகம் வருகிறது. நாங்கள் பச்சை டிக் போட்டு அனுப்பிய ஸ்லைடைப் பார்த்து, ஜப்பானிலிருந்து வந்த மேனேஜர் ஏன் சரியானதைத் தப்பு என்று குறித்திருக்கிறீர்கள் என்றார். அவர்கள் ஊர்ப் பரீட்சைத் தாளில் டிக் என்றால் தப்பான விடையாம், சரிக்கு வட்டம். இப்போது சரியான படத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம் மட்டும் போடுகிறோம். கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்தால் அதுவும் தெரியாது. என்ன செய்வதென்று தெரியவில்லை.

மணியம் மெயின்டனன்ஸ்
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பலர் 'சரி' படத்தில் சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்துவதைப் போடுகிறார்கள். அதை யார் வேண்டுமானாலும் திருகி விடுவிக்கலாம். கரண்ட் உள்ளே இருந்துகொண்டேதான் இருக்கும். நான் குனிந்து பெல்ட்டைக் கழற்றும்போது சக ஊழியர் ஒருவர் அதைத் திருகிவிட்டார். ரோலர் அரைச் சுற்று. கையுறை மட்டும் போனது.

படத்தில் நான்கு விஷயம் வேண்டும்: மெயினை அணைக்கும் கை, அவரவர் பூட்டு, சாவி அவரவர் பையில், கடைசியாக ஸ்டார்ட்டை அழுத்திப் பார்த்து ஓடவில்லை என்று உறுதி செய்வது. பெட்டி தள்ளும் காற்று சிலிண்டர் இருந்தால் காற்றையும் வெளியேற்றும் படம். கரண்டை அணைத்தாலும் அது தள்ளும்.

பிறை குமரன்
அமுதா அக்கா, மணியம் அண்ணே, இரண்டையும் சேர்த்தேன். நான்கு படம், மேலிருந்து கீழ், எண் போட்டு. தப்பு வேறு ஸ்லைடில், ஆள் மேலேயே பெரிய பெருக்கல் குறி. ஆறு பேரிடம் தனித்தனியாகச் செய்து காட்டச் சொன்னேன். ஆறு பேரும் முதலில் சுவிட்சுக்குத்தான் போனார்கள். ஆனால் இரண்டு பேர் ஸ்டார்ட்டை அழுத்திப் பார்க்கவில்லை. ஒருவரிடம் கேட்டேன்: அந்தப் படத்தில் மெஷினை ஓட விடுகிறார்கள் என்று நினைத்தாராம்.

அமுதா, பாயான் லெப்பாஸ்
அதை நானும் இன்னும் சரியாக வரைந்ததில்லை. அசையாத ரோலரை எப்படிக் காட்டுவது? யாராவது வரைந்திருந்தால் போடுங்கள்.